கேலரி பாடிய மெட்டு எந்தப் பாட்டு? ஷசாம், முணுமுணுப்பு, குறியீடு, ஆள்: எது எப்போது உதவும்

கோவை நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து மேட்ச். ஒரு கேலரி மொத்தமும் வார்த்தையே இல்லாமல் “ஓ… ஓ ஓ ஓ…” என்று ஒரு மெட்டைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறது. நடுநடுவே ஜமாப் மேளத்தின் அடி விழுகிறது. போனில் எடுத்த 40 விநாடி வீடியோ கையில் இருக்கிறது. அது எந்தப் பாட்டின் மெட்டு என்று தெரிய வேண்டும்: ரீல்ஸில் பெயர் போடவோ, அடுத்த மேட்ச்சுக்கு அதே மெட்டில் தமிழ் வரி கட்டவோ, இல்லை சும்மா மண்டைக் குடைச்சல் தீரவோ.

இதற்கு நாலு வழி இருக்கிறது. ஷசாம் மாதிரி பாட்டுப் பிடிக்கும் ஆப்பில் ஒலியைக் காட்டுவது ஒன்று. மெட்டை நாமே முணுமுணுத்துத் தேடுவது இரண்டாவது. மெட்டின் ஏற்ற இறக்கத்தைக் குறியீடாக எழுதித் தேடுவது மூன்றாவது. பாடினவரையோ பாட வைத்தவரையோ கேட்பது நாலாவது. பெரும்பாலானவர்கள் முதல் வழியில் வீடியோவைக் காட்டுகிறார்கள், “பாட்டு கிடைக்கவில்லை” என்று வந்ததும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்த வழி இந்த வேலைக்கானதே இல்லை என்பதுதான் காரணம். எந்த வழியில் போவது என்பதை ஒரே கேள்வி முடிவு செய்கிறது.

ஸ்பீக்கரா, தொண்டையா?

வீடியோவில் கேட்கும் மெட்டு மைதானத்து ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, ஆட்களின் தொண்டையிலிருந்து வருகிறதா? முதலில் இதைத்தான் பிரிக்க வேண்டும். கிரிக்கெட்டில் பெரும்பாலும் ஸ்பீக்கர் முந்தும், கூட்டம் பின்னால் சேரும். டிஎன்பிஎல் மேட்ச் நடக்கும் கோவை எஸ்என்ஆர் கல்லூரி மைதானமோ சேலம் வாழப்பாடி மைதானமோ, ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே டிஜே ஒரு துண்டுப் பாட்டைப் போடுவார், பந்து போட ஓடி வரும்போது வெட்டிவிடுவார். கால்பந்தில் 45 நிமிடம் இடைவெளியே கிடையாது, அதனால் ஸ்பீக்கருக்கு வேலை குறைவு. கேலரியில் ஒரு குழு டிரம்மோடு ஆரம்பிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

காதால் பிரிக்க மூன்று அடையாளம் போதும். ஸ்பீக்கர் பாட்டின் வேகம் ஆரம்பத்திலும் முடிவிலும் ஒன்றாகவே இருக்கும். கூட்டம் பாடினால் வேகம் ஏறிக்கொண்டே போகும். விரலால் தாளம் தட்டி, முதல் 10 விநாடியில் எத்தனை தட்டு, கடைசி 10 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணினால் தெரிந்துவிடும். கூட்டத்தின் சுருதியும் மெல்ல மேலே ஏறும். ஆர்வம் கூடக்கூட ஆள் கத்துவார், கத்தினால் சுருதி ஏறும். மூன்றாவது, ஸ்பீக்கர் பாட்டு கத்தியால் வெட்டினது போல நிற்கும்; கூட்டம் பாடினால் வரியின் கடைசி எழுத்து இழுபட்டுக் கலைந்து நிற்கும்.

ஷசாம்: ஸ்பீக்கருக்கு மட்டும்

ஷசாம் மெட்டைக் கேட்பதில்லை. ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவை அடையாளம் காண்கிறது. எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி ஒலித்தது என்ற புள்ளிகளை எடுத்து, இரண்டிரண்டு புள்ளியாகச் சேர்த்து, ஒவ்வொரு சோடிக்கும் நடுவில் உள்ள நேர இடைவெளியோடு ஒரு ரேகையாக வைத்துக்கொள்கிறது. ஏவரி வாங் 2003-ல் விளக்கிய முறை இது. கையில் இருக்கும் ஒலியின் ரேகையும், கிடங்கில் உள்ள ஏதோ ஒரு பதிவின் ரேகையும் ஒரே வரிசையில் பொருந்தினால் பெயர் வரும். சுற்றிலும் இரைச்சல் இருந்தாலும் ஓங்கிய புள்ளிகளில் கொஞ்சம் தப்பிப் பிழைத்தால் போதும். அதனால்தான் டீக்கடை இரைச்சலிலும் அது பிடிக்கிறது.

அதே காரணத்தால் கூட்டம் பாடினால் பிடிப்பதில்லை. ஆயிரம் பேர் இன்று பாடியது எந்தக் கிடங்கிலும் இல்லை. அதே பாட்டை அதே பாடகரே மேடையில் வேறொரு நாள் பாடினாலும் ரேகை மாறிவிடும் என்னும்போது, கேலரியைச் சொல்லவே வேண்டாம்.

ஸ்பீக்கர் பாட்டு என்றால் இதைவிட வேகமான வழி இல்லை. கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு முன், பாட்டு போட்ட முதல் 5 முதல் 10 விநாடிக்குள் போனைத் தூக்கிவிட வேண்டும். மைதானம் நிறைந்திருக்கும்போது நெட்வொர்க் திணறும். ஷசாம் ரேகையைச் சேமித்து வைத்துக்கொண்டு சிக்னல் வந்தபின் தேடும், அதனால் “இணைப்பு இல்லை” என்று வந்தாலும் அழிக்காமல் விடுங்கள். சுத்தமாகக் கேட்கும் பாட்டுக்கும் பெயர் வரவில்லை என்றால், டிஜே வேகத்தைச் சில சதவீதம் கூட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். சுருதியும் வேகமும் மாறினால் புள்ளிகள் இடம் மாறிவிடும், பிறகு தெரிந்த பாட்டும் தெரியாத பாட்டாகிவிடும்.

ஐபிஎல் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்த எக்காள ஒலி, அது முடிந்ததும் கூட்டம் ஒரே குரலில் கத்துமே, அது இந்த வகைதான். அது ‘என் எர் முண்டோ’ என்ற ஸ்பெயின் நாட்டுப் பாசோடோப்ளே இசையிலிருந்து வந்தது. ஆப் காட்டுவது பெரும்பாலும் அதன் பிற்கால ரீமிக்ஸைத்தான், பழைய வாத்தியப் பதிவை அல்ல. ஒலித்தது எந்தப் பதிவோ அந்தப் பெயரை ஆப் சொல்கிறது. மெட்டு எங்கே பிறந்தது என்பது அதன் வேலை இல்லை.

முணுமுணுத்துத் தேடுவது: பெரும்பாலும் இதுதான் சரி

கூட்டம் தொண்டையால் பாடிய மெட்டுக்கு முதலில் போக வேண்டிய இடம் இது. கூகுள் ஆப்பில் மைக்கைத் தொட்டுப் பாட்டுத் தேடலைத் தேர்ந்து, 10 முதல் 15 விநாடி முணுமுணுத்தால் போதும். 2020 அக்டோபரிலிருந்து இந்த வசதி இருக்கிறது. சவுண்ட்ஹவுண்டும் இதே வேலையைச் செய்யும். இவை குரலின் நிறத்தையும் சுருதியையும் தள்ளிவிட்டு, ஸ்வரம் எப்படி ஏறி இறங்குகிறது, எது நீளம் எது குட்டை என்ற உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. கட்டைக் குரலோ கீச்சுக் குரலோ பரவாயில்லை.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, வீடியோவை ஓட்டி அதன் முன்னால் போனைக் காட்டுவது. கூட்டத்தின் ஒலியில் ஒற்றைக் குரல் இல்லை. பெரியவர்கள் ஒரு ஸ்தாயியில், பொடியன்கள் மேல் ஸ்தாயியில், சுருதி சேராதவர்கள் நடுவில் எங்கோ. போதாததற்கு ஒலி போய்ச் சேரும் நேரம். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. நேரு ஸ்டேடியம் போல ஓட்டப் பாதை சுற்றிய மைதானத்தில் எதிர்க் கேலரி 100 மீட்டருக்கும் மேலே தள்ளி இருக்கும். அங்கிருந்து வரும் குரல் கிட்டத்தட்ட 0.3 விநாடியோ அதற்கும் மேலோ தாமதமாக வருகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு அரை விநாடிதான். ஆக, எதிர்க் கேலரியும் சேர்ந்து பாடினால் அவர்களின் முந்தின ஸ்வரம் நம் அடுத்த ஸ்வரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மனிதக் காது இதைப் பிரித்துக்கொள்ளும், ஆப் குழம்பும். ஆகவே நாம் கேட்டு, நாம் முணுமுணுக்க வேண்டும்.

கேட்பதற்கு வசதியாக வீடியோவைக் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்ளலாம். கணினியில் ffmpeg என்ற ஒலி, வீடியோ வெட்டும் நிரல் இருந்தால் ஒரு வரி போதும்:

```
ffmpeg -ss 12 -t 15 -i clip.mp4 -vn -ac 1 -af "highpass=f=200,lowpass=f=1800" kural.wav
```

இது 12-ஆம் விநாடியிலிருந்து 15 விநாடியை வெட்டி, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள டிரம் அதிர்வையும் 1800-க்கு மேலே உள்ள விசில் கீச்சையும் தாழ்த்திவிடுகிறது. கூட்டத்தின் குரல் அந்த நடுப்பகுதியில் தங்கிவிடும். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் செய்வதானால் High-Pass Filter, Low-Pass Filter இரண்டிலும் இதே எண்களைப் போடுங்கள். Noise Reduction-ஐத் தொட வேண்டாம். கூட்டக் குரலே அதற்கு இரைச்சலாகத் தெரிகிறது, மெட்டையும் சேர்த்து நக்கி எடுத்துவிடும். இந்தச் சுத்தம் நம் காதுக்கு மட்டும்தான். சுத்தம் செய்த துண்டை ஷசாமுக்குக் காட்டினால் அதற்கு வேண்டிய புள்ளிகளையும் நாமே பறித்துக் கொடுத்தது போலாகும்.

வடிகட்டியால் ஆகாத ஒன்று உண்டு: நீளப் பீப்பி. தென்னாப்பிரிக்க வுவுசெலா வகைப் பீப்பியின் அடிப்படை ஒலி ஏறக்குறைய 235 ஹெர்ட்ஸ். ஆண்கள் பாடும் இடத்தில்தான் அதுவும் உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டினால் குரலும் போகும். பீப்பி நிற்கும் சில விநாடிகளைத் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிரம் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஓங்கி அடி விழும்போது போன் தானாகவே ஒலியளவைத் தாழ்த்தும், அந்த நேரத்தில் பாடிய ஸ்வரம் பதிவிலேயே அமுங்கிவிடும். ஜமாப் உச்சத்தில் இருக்கும் இடத்தை விட, அடிப்பவர்கள் கை ஓய்ந்து கூட்டம் மட்டும் பாடும் 8 விநாடி கிடைத்தால் அது பொன்.

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வீடியோ என்றால், “தம்பி, டாக்குமெண்டா அனுப்பி விடுப்பா” என்று கேட்டு வாங்குங்கள். வீடியோவாக வரும்போது ஒலி இன்னும் நசுங்கும். அதைவிட முக்கியம், ஸ்டேட்டஸுக்காக வெட்டிய துண்டில் மெட்டின் முதல் ஸ்வரமே இருக்காது.

இனி முணுமுணுக்கும் முறை. வாய் மூடி “ம்ம்” என்பதை விட “தா தா” அல்லது “ல ல” நல்லது. ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்குகிறது என்று ஆப்புக்குத் தெரியும். வரியின் தலையில் ஆரம்பித்து, முழு வரியை இரண்டு தடவை பாட வேண்டும். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கமகம் கூடாது. ஒரு ஸ்வரத்தை அசைத்தால் ஆப் அதை இரண்டு மூன்று ஸ்வரமாக எண்ணிவிடும். ஆர்மோனியக் கட்டை போல நேராக நிறுத்திப் பாடுங்கள். கூட்டம் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போவதையும் அப்படியே நடித்துக் காட்ட வேண்டாம்.

வரும் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும். அது உருவம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான மதிப்பு, விடை சரியாக இருக்கும் வாய்ப்பு அல்ல. 40 சதவீதத்தில் சரியான பாட்டும், அதைவிடக் கூடுதலாகத் தவறான சினிமாப் பாட்டும் வருவது சகஜம். நம்பத்தக்க அடையாளம் வேறு: இரண்டு பேர் தனித்தனியாக முணுமுணுத்தும் அதே பாட்டு மேலே வந்தால் நம்பலாம். ஒவ்வொரு தடவையும் வேறு பாட்டு மேலே வந்தால், மெட்டு குட்டையாக இருக்கிறது அல்லது நாம் தப்பாகக் கேட்டிருக்கிறோம்.

ஏற்ற இறக்கத்தை எழுதுவது

முணுமுணுப்பு குழம்பினால் அடுத்தது இது. டெனிஸ் பார்சன்ஸ் என்பவர் 1975-ல் வெளியிட்ட மெட்டு அகராதியின் அடிப்படை மிக எளிமையானது. முதல் ஸ்வரத்துக்கு * போடுங்கள். அதன்பின் ஒவ்வொரு ஸ்வரமும் முந்தினதை விட ஏறினால் U, இறங்கினால் D, அதே இடத்தில் நின்றால் R. எவ்வளவு ஏறியது என்பது தேவையில்லை. சுருதி சேராத கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. எவ்வளவு பிசகிப் பாடினாலும் ஏற வேண்டிய இடத்தில் ஏறத்தான் செய்கிறார்கள். musipedia.org தளத்தில் இந்தக் குறியீட்டைக் கொடுத்துத் தேடலாம்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த 40 விநாடி வீடியோவையே எடுத்துக்கொள்வோம். 0.75 வேகத்தில் ஓட்டிக் கேட்டால் ஒரு சுற்றுக்கு ஏழு ஸ்வரம். முதல் ஸ்வரம் நீளம், அதையே குட்டையாக இன்னொரு தடவை, ஒரு ஏற்றம், பழைய இடத்துக்கு இறக்கம், பிறகு படிப்படியாக மூன்று இறக்கம், கடைசி இரண்டும் நீளம். எழுதினால்:

```
*RUDDDD
```

முதல் ஸ்வரத்தை ஷட்ஜமமாக வைத்து நம் வழக்கில் எழுதினால் ச ச க ச நி த ப. காந்தாரம் சாதாரணம், நிஷாதம் கைசிகி, தைவதம் சுத்தம். நி த ப மூன்றும் கீழ் ஸ்தாயி. நடபைரவியின் ஸ்வரங்களில் அடங்கிவிடுகிறது. வீட்டில் கீபோர்டு இருந்தால் E E G E D C B என்று அழுத்திப் பார்த்தால் உடனே “அட, இதா!” என்று தோன்றும்.

ஆனால் ஏழு ஸ்வரத்தை மட்டும் கொடுத்துத் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இரண்டு சுற்றைச் சேர்த்துக் கொடுத்தால் குறையும். கடைசிப் பஞ்சமத்திலிருந்து மறுபடி ஷட்ஜமத்துக்கு ஏறுவதால் நடுவில் ஒரு U வருகிறது:

```
*RUDDDDURUDDDD
```

இந்த முறையின் பலவீனம் R-ல் இருக்கிறது. கூட்டம் “ஓ…” என்று இழுக்கும்போது முதல் இரண்டு ஸ்வரமும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கேட்கும். R விழுந்துவிட்டால் *UDDDD என்றாகிவிடும். அதற்குப் பொருந்தாத பாட்டைத் தேடுவதுதான் கஷ்டம். தாளத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்: அந்த நீளமான “ஓ”வுக்குள் டிரம் இரண்டாவது அடி விழும் இடத்தில் குரலில் ஒரு சின்னத் தள்ளல் இருந்தால் அது இரண்டு ஸ்வரம். வார்த்தை வைத்துப் பாடினால் இதற்கு நேர்மாறான பிசகு வரும். மூலத்தில் ஒரே ஸ்வரமாக இருப்பதை, வீரரின் பெயரில் அசை அதிகம் என்பதற்காக இரண்டாக உடைத்துப் பாடுவார்கள், இல்லாத R ஒன்று முளைக்கும். தேடல் தோற்றால் R-ஐச் சேர்த்தும் எடுத்தும் ஒவ்வொரு தடவை முயன்று பாருங்கள். U, D-யை மாற்ற வேண்டிய தேவை அநேகமாக வராது.

இன்னொரு தொல்லை, இந்தத் தளத்தில் மேற்கத்திய செவ்வியல் இசையும் ஏராளமாக இருப்பது. இந்த ஏழு ஸ்வரத்துக்கு ஆண்டன் ப்ரூக்னரின் ஐந்தாம் சிம்பொனியில் இதைப் போன்ற ஓர் இடம் இருப்பதை இசை தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. உருவம் ஒத்துப்போவதால் கேலரி அங்கிருந்து எடுத்தது என்று ஆகிவிடாது. கேலரி கேட்டிருக்கக்கூடிய பாட்டு எது என்ற கேள்வி எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த வீடியோவின் விடை, தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற அமெரிக்க இருவர் குழு 2003-ல் வெளியிட்ட ‘செவன் நேஷன் ஆர்மி’. பாட்டு தொடங்கும்போதே அந்த ஏழு ஸ்வரம் வந்துவிடுகிறது. பேஸ் கிதார் போலக் கேட்டாலும் அது சாதாரண கிதார்தான். பெடலால் ஸ்தாயியை இறக்கியிருக்கிறார்கள். கூட்டம் பாடுவது பாடகரின் வரியை அல்ல, அந்தக் கிதார் துண்டை. பாடல் வரிகளை வைத்துத் தேடினால் இதனால்தான் எதுவும் சிக்குவதில்லை.

சரிபார்ப்பு ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். மூலப் பாட்டை ஓட்டி, அதன்மேல் வீடியோவில் கேட்டபடி பாடுங்கள். ஏற்ற இறக்கம் மட்டுமல்லாமல் நீள குட்டையும் ஒத்துப்போக வேண்டும். இங்கே கடைசி இரண்டு ஸ்வரமும் மூலத்தில் நீளமாகவே இருக்கின்றன, முதல் ஸ்வரமும் நீளம். பொருந்துகிறது. ஸ்வரம் ஒத்துப்போய் நீளம் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் அது வேறு பாட்டு. மெட்டில் இரண்டாவது வரி இருந்தால் சோதனை இன்னும் எளிது. முதல் வரி தற்செயலாக ஒத்துப்போகும் பாட்டுகள் இரண்டாவது வரியில் மாட்டிக்கொள்ளும்.

ஆளைக் கேட்பது

இது கடைசி வழி என்று நினைப்பார்கள். வார்த்தை இருக்கும் மெட்டுக்கு இதுதான் முதல் வழி. சென்னை சிட்டி எஃப்சி கோவையைச் சொந்த மைதானமாக வைத்து ஆடி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைத் தூக்கியது நேரு ஸ்டேடியத்தில்தான். அந்த மாதிரிக் கூட்டத்தில் பாட்டு தானாக முளைப்பதில்லை. டிரம் பக்கத்தில் நின்று மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பாட வைக்கும் ஓர் ஆள் இருப்பார். அவரிடம் போய் “ஏனுங்ணா, இந்த மெட்டு எந்தப் பாட்டுலிருந்துங்க எடுத்தீங்க?” என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

பாதிதான். அவர் சொல்வது பெரும்பாலும் அவர் எங்கே கேட்டார் என்பதை. “கொச்சியில பாடுவாங்க” என்பார், இல்லை “லிவர்பூல் பாட்டுங்க” என்பார். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கேரளம், கொச்சிக்குப் போய் மேட்ச் பார்த்து வரும் கோவைப் பையன்களுக்குக் குறைவில்லை. அதனால் மெட்டு அப்படிக் கைமாறி வந்திருக்கலாம். ஆனால் அது பாட்டின் பெயர் அல்ல.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு “அல்லே அல்லே அல்லே” என்று முடியும் மெட்டு. 2018-ல் லிவர்பூல் ரசிகர்கள் ஐரோப்பா முழுக்கப் பாடிப் பிரபலமாக்கினார்கள். யாரைக் கேட்டாலும் லிவர்பூல் என்றுதான் சொல்வார்கள். முணுமுணுத்துத் தேடினால் ரிகெய்ரா என்ற இத்தாலிய இருவர் குழுவின் 1985-ஆம் ஆண்டுப் பாட்டு வரலாம்; பெயர் L'estate sta finendo. லிவர்பூலுக்கு முன்பே நேப்பிள்ஸ் உள்ளிட்ட இத்தாலியக் கேலரிகள் அதை வேறு வார்த்தையில் பாடிக்கொண்டிருந்தன. இரண்டு விடையுமே சரி, கேள்விதான் வேறு. ஏழு ஸ்வர மெட்டுக்கும் இதே கதை: 2003 அக்டோபரில் மிலானுக்கு மேட்ச் பார்க்கப் போன பெல்ஜியத்தின் க்ளப் ப்ரூஜ் ரசிகர்கள் பாட, 2006-ல் ப்ரூஜுக்குப் போன ரோமா ரசிகர்கள் அதை இத்தாலிக்குக் கொண்டுவர, அந்த ஆண்டு உலகக் கோப்பையை இத்தாலி வென்றபோது ஊரெல்லாம் “போ போ போ” என்று பரவியது. “இத்தாலிப் பாட்டு” என்று இங்கே ஒருவர் சொன்னால் பொய் சொல்லவில்லை, நடுவழியில் கேட்டிருக்கிறார்.

ஆக, எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்தப் படியில் நிற்கலாம் என்று முடிவெடுங்கள். ரீல்ஸில் “கேலரியில் இந்த மெட்டு” என்று போட, கடைசியாக யார் பாடினார்கள் என்று தெரிந்தால் போதும், ஆளைக் கேட்டுவிட்டு நின்றுவிடலாம். அதே மெட்டில் தமிழ் வரி கட்டிப் பதிவு செய்து வெளியிடுவதானால் மூலப் பாட்டு வரை போயே ஆக வேண்டும். மெட்டின் உரிமை அதைக் கட்டியவருக்கு, பாடிய கூட்டத்துக்கு அல்ல. வரி கட்டுவதற்கும் மூலம் வேண்டும்: ஏழு ஸ்வரத்துக்கு ஏழு அசை, நீள ஸ்வரத்தில் நெடில் விழ வேண்டும். முதல் ஸ்வரத்திலும் கடைசி இரண்டிலும் குறில் வைத்தால் கேலரி பாடவே பாடாது.

சில ஒலிகளுக்கு இந்த நாலு வழியும் வீண். வீரரின் பெயரை இரண்டு ஸ்வரத்தில் இழுத்துக் கூப்பிட்டு மூன்று கைதட்டல், அவ்வளவுதான் கோஷம் என்றால் அதற்கு மூலப் பாட்டே கிடையாது. எந்த ஊர்க் கூட்டமும் தானாகக் கூப்பிடும் ஏற்ற இறக்கம் அது. ஆப்பில் முணுமுணுத்தால் ஏதாவது ஒரு பாட்டின் பெயரைக் கொடுக்கும், நம்ப வேண்டாம். ஒரு வரியில் குறைந்தது நாலு வெவ்வேறு ஸ்வரமும் மொத்தம் ஆறேழு ஸ்வரமும் இல்லையென்றால் தேடலைத் தொடங்காமலே விடலாம். மனதில் நிற்பது மெட்டு இல்லை, அடிதான் என்றாலும் அப்படியே. ஜமாப் அடியையோ பாலக்காட்டுச் செண்டையையோ எந்த முணுமுணுப்புத் தேடலும் கண்டுபிடிக்காது. அதற்கு அடித்தவரைத்தான் பிடிக்க வேண்டும். அவரும் பாட்டுப் பெயரைச் சொல்ல மாட்டார், எந்தக் கோயில் நோம்பிக்கு அந்த அடி என்றுதான் சொல்வார்.